2600 எம்ஏஎச் எத்தனை நாள் வரும்?

மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, வைஃபை வழியாக வீட்டுக்குள் சொல்லும் ஒரு சின்னக் கருவி. உள்ளே இஎஸ்பி32 சிப், தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரே ஒரு 18650 லித்தியம் செல். செல்லின் மேல் 2600 எம்ஏஎச் என்று அச்சடித்திருக்கிறது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இது எத்தனை நாள் ஓடும்?

இந்தக் கேள்வியை மச்சானிடம் கேட்டேன். சிப்பின் டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தார். வைஃபையில் அனுப்பும்போது 240 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று போட்டிருந்தது. "2600-ஐ 240-ஆல வகுங்க, பதினோரு மணி நேரம். காலையில மாட்டினா ராத்திரி செத்துப்போயிடும்" என்றார். அதே டேட்டாஷீட்டில் சில வரி தள்ளி, ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் என்றும் இருக்கிறது. அதால் வகுத்தால் 2,60,000 மணி நேரம் வரும், கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

பதினோரு மணி நேரமா, முப்பது வருஷமா? இரண்டு வகுத்தலிலும் கணிதப் பிழை கிடையாது. எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியரை மணியால் பெருக்கியது. எனவே மில்லி ஆம்பியரால் வகுத்தால் மணி மிஞ்சும், அவ்வளவுதான். கேள்வியெல்லாம் எந்த மில்லி ஆம்பியரால் வகுப்பது என்பதில்தான். இந்தக் கருவி ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிறது, நடுநடுவே சில நொடி மட்டும் ஓடி ஓடி வேலை செய்கிறது. நமக்கு வேண்டியது உச்ச மின்னோட்டமும் அல்ல, தூக்க மின்னோட்டமும் அல்ல. இரண்டையும் நேரத்தால் எடை போட்ட சராசரி.

அந்தச் சராசரியைப் போடுவதற்குச் சுலபமான வழி, ஒரு தடவை விழித்து வேலை செய்யும்போது செல்லிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்ப்பது. கருவி விழித்து, தூரத்தை அளந்து, ரவுட்டரைப் பிடித்து, எண்ணை அனுப்பி, மறுபடி தூங்கப் போக 4 நொடி ஆகிறது என்று வையுங்கள். அந்த 4 நொடியும் 240 ஓடாது. அனுப்பும் கணங்களில் மட்டும்தான் அந்த உச்சம். கேட்டுக்கொண்டிருக்கும்போது 100 சொச்சம், வைஃபை தொடங்குமுன் அதற்கும் கீழே. சராசரியாக 110 மில்லி ஆம்பியர் என்று கொள்ளலாம்.

```
ஒரு விழிப்பு   : 110 × 4 / 3600   = 0.122 mAh
மணிக்கு 6 தடவை : 0.122 × 6        = 0.733 mAh  → 0.733 mA
தூக்கம்        :                     0.010 mA
சராசரி         :                     0.743 mA
2600 / 0.743   = 3500 மணி         ≈ 146 நாள்
```

ஆக மச்சானின் பதினோரு மணி நேரம் 146 நாளாகிவிட்டது. இதோடு நிறுத்திக்கொண்டு செல்லை மாட்டுகிறவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களில் பலருக்கு ஒரு வாரத்தில் கருவி செத்துப்போகும். "செல் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள்.

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் நல்ல நிறுவனங்களே 3600 எம்ஏஎச் பக்கம்தான் அடைக்க முடிந்திருக்கிறது. மேலே 9900 என்று போட்டிருந்தால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். ஆனால் ஒரு வாரத்தில் சாகும் கருவிக்குப் பெரும்பாலும் செல் காரணமல்ல, சிப்பைச் சுற்றியிருக்கும் பலகைதான் காரணம்.

டேட்டாஷீட்டில் உள்ள 10 மைக்ரோ ஆம்பியர் சிப்புக்கு மட்டும் உரியது. நாம் வாங்குவதோ டெவலப்மென்ட் போர்டு. அதில் யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் இருக்கும், பெரும்பாலும் ஏஎம்எஸ்1117. சிப் தூங்கினாலும் அந்த ரெகுலேட்டர் தூங்காது. தான் உயிரோடு இருப்பதற்கே ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சிப்பின் தூக்கத்தைப்போல 500 மடங்கு! பக்கத்தில் இரவும் பகலும் எரியும் ஒரு சிவப்பு எல்இடி, அதற்கு ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல். யூஎஸ்பி-சீரியல் சிப் ஒன்று உண்டு. சென்சாருக்கு எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், அது அளக்காமல் சும்மா இருக்கும்போதும் இரண்டொரு மில்லி ஆம்பியர் கேட்கும். எல்லாம் சேர்த்து, "தூங்கும்" கருவி 9 மில்லி ஆம்பியர் இழுப்பது சாதாரணம்.

இதற்கு மேல் இன்னொரு சேதம். போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும், செல்லிலோ 3.7 தான் இருக்கிறது. எனவே நடுவில் ஒரு பூஸ்ட் மாட்யூலைப் போடுவார்கள். இங்கேதான் எம்ஏஎச் கணக்கு அப்படியே செல்லாமல் போகிறது. வோல்டேஜ் ஏறினால் அதற்கேற்ப உள்ளே போகும் கரண்டும் ஏற வேண்டும், ஏனென்றால் சக்தி எங்கிருந்தும் இலவசமாக வருவதில்லை. வெளியே 5 வோல்ட்டில் 9 மில்லி ஆம்பியர் என்றால் 45 மில்லி வாட். மாட்யூல் 85 விழுக்காடு திறனுடன் ஓடுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் செல் 53 மில்லி வாட் கொடுத்தாக வேண்டும். அதை 3.7 ஆல் வகுத்தால் 14.3 மில்லி ஆம்பியர். விழிப்பின் பங்கும் இதே கணக்கில் 0.733-இலிருந்து 1.17 ஆக ஏறும். மொத்தம் 15.5. இப்போது 2600-ஐ வகுத்துப் பாருங்கள்: 168 மணி நேரம். சரியாக ஒரு வாரம். செல்லின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை வைத்து ஒரு விதி சொல்லிக்கொள்ளலாம். ரெகுலேட்டர் நேர்வகையாக இருந்தால், அதாவது மிச்ச வோல்டேஜைச் சூடாக்கி வீணடிக்கும் வகை என்றால், உள்ளே போகும் கரண்டும் வெளியே வரும் கரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அங்கே எம்ஏஎச்சை நேராக வகுக்கலாம். பூஸ்ட், பக் போன்ற சுவிட்சிங் வகை நடுவில் இருந்தால் எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட் மணிக்குப் போய்விட வேண்டும். பவர் பேங்க் விஷயமும் இதுவேதான். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு, அதாவது 37 வாட் மணி. 5 வோல்ட்டில் அது 7,400. மாற்றத்தில் போகும் இழப்பையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். பின்பக்கம் பொடி எழுத்தில் அதையும் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. (தொட்டிக் கருவிக்குப் பவர் பேங்க் வைக்கலாமே என்று கேட்பீர்கள். பல பவர் பேங்குகள் இவ்வளவு சின்ன கரண்டைப் பார்த்தால் எதுவும் மாட்டியில்லை என்று முடிவு செய்து தானாக அணைந்துவிடும்.)

சரி, ஒரு வாரத்தை மறுபடி மாதங்களாக்குவது எப்படி? டெவலப்மென்ட் போர்டை விட்டுவிட்டு வெறும் இஎஸ்பி32 மாட்யூலை எடுத்துக்கொள்ள வேண்டும். பூஸ்ட் வேண்டாம். செல்லிலிருந்து நேராக, தனக்கென்று சில மைக்ரோ ஆம்பியரே எடுத்துக்கொள்ளும் நேர்வகை ரெகுலேட்டர் ஒன்றைப் போட வேண்டும். எம்சிபி1700 என்ற வகை 1.6 மைக்ரோ ஆம்பியரில் ஓடிவிடும். ஆனால் அது தாங்குவது 250 மில்லி ஆம்பியர். வைஃபை உச்சம் அதன் விளிம்பைத் தொடுவதால், பக்கத்தில் சில நூறு மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். 500 மில்லி ஆம்பியர் தாங்கும் எச்டி7833 கிடைத்தால் இன்னும் நிம்மதி. சென்சாரை ஒரு மாஸ்ஃபெட் வழியாக மாட்டி, அளக்கும் நேரம் மட்டும் அதற்கு மின்சாரம் போகும்படி செய்ய வேண்டும். 3.3 வோல்ட்டில் ஓடும் சென்சாராகப் பார்த்து வாங்குங்கள், 5 வோல்ட் கேட்பது வேண்டாம். எல்இடி என்று ஒன்று இருக்கவே கூடாது.

செல்லின் வோல்டேஜைப் பார்க்க இரண்டு ரெசிஸ்டரை வரிசையாகப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டும் 100 கிலோ ஓம் என்றால், முழு சார்ஜில் 4.2 வோல்ட்டை 2 லட்சம் ஓமால் வகுங்கள். 21 மைக்ரோ ஆம்பியர். சிப் தூங்கும்போது எடுப்பதைப்போல இரண்டு மடங்கு, இருக்கிற பேட்டரியைப் பார்ப்பதற்கே போகிறது. அதையும் மாஸ்ஃபெட்டுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்.

இவ்வளவும் செய்தால் தூக்கம் 10 மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேலே நின்றுவிடும். 146 நாள் கணக்கு உயிர் பெறும். ஆனால் அந்த 2600-ஐ இன்னும் நாம் கேள்வி கேட்கவில்லை.

2600 என்பது எந்த நிபந்தனையில் அளந்த எண்? இந்தவகைச் செல்களை வழக்கமாக 0.2சி என்ற வேகத்தில், அதாவது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கரண்டில், 2.75 வோல்ட் வரை இறக்கி அளக்கிறார்கள். நமது கருவி அதைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் எடுக்கிறது, எனவே வேகத்தால் இழப்பு இல்லை. ஆனால் நம்மால் 2.75 வரை போக முடியாது. இஎஸ்பி32 மாட்யூலுக்குக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். ரெகுலேட்டர் தனக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வைஃபை உச்சத்தில் செல்லின் உள்மின்தடையும், செல் மாட்டும் ஹோல்டரின் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு பங்கைத் தின்னும். புதுச் செல்லில் அது பெரிதில்லை. பழைய செல்லில் 0.3 ஓம் இருந்தால்கூட 240 மில்லி ஆம்பியரில் 0.07 வோல்ட் கீழே இறங்கும். எனவே செல் 3.3 வோல்ட் வாக்கில் இருக்கும்போதே கருவி தடுமாறத் தொடங்கும். தூங்கும்போது நன்றாக இருக்கும், விழித்து வைஃபையைத் தொட்டதும் ரீசெட் ஆகும், மறுபடி விழிக்கும், மறுபடி ரீசெட். சீரியல் மானிட்டரில் `Brownout detector was triggered` என்று வந்தால் இதுதான் சங்கதி.

செல் வயதாக ஆகக் கொள்ளளவும் குறைகிறது. மொட்டை மாடியில் மூடிய பெட்டிக்குள், சித்திரை வெயிலில், முழு சார்ஜில் உட்கார்ந்திருப்பது லித்தியம் செல்லுக்கு மிக மோசமான வாழ்க்கை. பெட்டியைத் தொட்டியின் நிழல் பக்கம் வையுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் 0.8 ஆல் பெருக்கிவிடுவேன். 2600 என்பது 2080 ஆகிறது. இது ஒரு கைக்கணக்குதான். புதுச் செல்லுக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனம், இரண்டு வெயில்காலம் பார்த்த செல்லுக்குப் பொருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, எதிலும் மாட்டாமல் மேசைமேல் கிடக்கும் செல்லும் தானாக இறங்கும். மாதத்துக்கு 2 விழுக்காடு என்று வைத்தால் 52 எம்ஏஎச். மாதத்தின் 720 மணியால் வகுத்தால் 0.072 மில்லி ஆம்பியர். சிப்பின் தூக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏழு மடங்கு. தூக்கத்தை 10-இலிருந்து 5 மைக்ரோ ஆம்பியராகக் குறைக்க இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே செல் தன் பாட்டுக்கு 72 மைக்ரோ ஆம்பியர் கசியவிட்டுக்கொண்டிருக்கும்.

திருத்திய கணக்கு: 0.743 உடன் 0.072 கூட்டினால் 0.815. 2080-ஐ அதால் வகுத்தால் 2,552 மணி, 106 நாள். மூன்றரை மாதம். ஒரு நாள் செலவு 19.6 எம்ஏஎச். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

மூன்றரை மாதம் போதாது என்றால் எங்கே கை வைப்பது? 0.815-இல் 0.733 விழிப்பின் பங்கு, பத்தில் ஒன்பது. அதனால் 4 நொடியைக் குறைப்பதுதான் வழி. அந்த 4 நொடியில் பெரும்பகுதி ரவுட்டரைத் தேடுவதிலும் ஐபி முகவரி வாங்குவதிலும் போகிறது. சேனல் எண்ணையும் முகவரியையும் முன்கூட்டியே நிலையாகக் கொடுத்துவிட்டால் ஒன்றரை நொடியில் வேலையை முடிக்க முடியும். விழிப்பின் பங்கு 0.275 ஆகும், மொத்தம் 0.357, ஆயுள் 243 நாள். அதைவிட நல்ல யோசனை, தண்ணீர் மட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது, மட்டம் மாறாதவரை வைஃபையைத் தொடாமலே தூங்கிவிடுவது. அப்படிச் செய்தால் கணக்கு ஒரு வருஷத்தைத் தாண்டும். ஆனால் அங்கே தானிறக்கம் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காகிவிடும், செல்லின் வயதும் கூடவே குறுக்கே வரும். ஒரு வருஷத்துக்கு மேல் வரும் எந்த விடையையும் நான் "ரொம்ப நாள்" என்று மட்டும் வாசிப்பேன்.

காகிதத்தில் 106 நாள் வந்த கருவியை நிஜத்தில் கவிழ்ப்பது பெரும்பாலும் மின்வெட்டு. வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டர் அணையும். மாடியில் இருக்கும் கருவிக்கு அது தெரியாது. விழித்து, வைஃபையைத் தேடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பாதி, இணைப்பு கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு மணி நேர மின்வெட்டில் கருவி 120 மில்லி ஆம்பியரில் தொடர்ந்து விழித்திருந்தால் 240 எம்ஏஎச் காலி. நாளுக்கு 19.6 செலவழிக்கும் கருவிக்கு அது பன்னிரண்டு நாள் சாப்பாடு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை நிறுத்துகிற நாளில் செல்லின் பாதி ஒரே மூச்சில் போய்விடும். மருந்து சில வரிதான்:

```cpp
WiFi.begin(ssid, pass);
unsigned long t0 = millis();
while (WiFi.status() != WL_CONNECTED && millis() - t0 < 8000) delay(50);

if (WiFi.status() == WL_CONNECTED) sendLevel();
esp_sleep_enable_timer_wakeup(600ULL * 1000000ULL);
esp_deep_sleep_start();
```

எட்டு நொடி தேடு, கிடைக்காவிட்டால் தூங்கு. இன்னும் சாமர்த்தியமாக, தொடர்ந்து இரண்டு தடவை கிடைக்கவில்லை என்றால் தூக்கத்தை அரை மணியாக நீட்டலாம்.

மேலே 110 என்றும் 9 என்றும் நான் எடுத்துக்கொண்டதை நீங்கள் அளந்து பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் வரம்பில் வைத்து வரிசையில் மாட்டினால் கருவி தொடங்கவே தொடங்காது. அந்த வரம்பில் மீட்டருக்குள்ளேயே நூறு ஓம் அளவுக்கு மின்தடை இருக்கும். வைஃபை கேட்கும் கரண்ட் அதன் வழியே வர முடியாது, வோல்டேஜ் சரிந்துவிடும். தூக்கத்தை அளக்க ஒரு எளிய தந்திரம்: மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் குறுக்கே இணைத்துவிட்டுக் கருவியை ஓட விடுங்கள். அது தூங்கியதும் கம்பியை எடுத்துவிடுங்கள். இப்போது எல்லாக் கரண்டும் மீட்டர் வழியாகத்தான் போகும். பத்து நிமிடம் இருக்கிறது, பொறுமையாகப் படிக்கலாம். விழிக்கும் முன் கம்பியைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

விழிப்பை மல்டிமீட்டரால் அளக்க முடியாது. நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அது பார்க்கிறது, நடுவில் வந்துபோகும் உச்சங்கள் அதன் கண்ணில் படாது. நார்டிக் நிறுவனத்தின் பிபிகே2 போன்ற கருவி இருந்தால் ஒரே வரைபடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் டெவலப்மென்ட் போர்டில், தூக்கத்தை நீக்கி, இணைவது, அனுப்புவது, துண்டிப்பது என்று ஒரு மணி நேரம் ஓயாமல் ஓட விடுங்கள். எம்ஏஎச்சைச் சேர்த்துக் காட்டும் சாதாரண யூஎஸ்பி மீட்டரை நடுவில் செருகுங்கள். ஒரு மணி நேரத்தில் அது 117 காட்டினால் சராசரி 117 மில்லி ஆம்பியர். அதில் ரெகுலேட்டரின் 5-ஐயும் எல்இடி, யூஎஸ்பி சிப்பின் இரண்டொன்றையும் கழித்தால் சிப்பின் பங்கு கிடைக்கும். ரெகுலேட்டர் நேர்வகை என்பதால் இங்கே 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. விழித்திருக்கும் நேரத்துக்கு, தூங்கப்போகும் வரிக்கு முன்னால் `millis()` மதிப்பை அச்சடித்துப் பாருங்கள்.

ஒரு மாதம் ஓடிய பிறகு கணக்கு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செல்லின் வோல்டேஜைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லித்தியம் செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் நெடுந்தூரம் கிட்டத்தட்டச் சமதளமாகப் போகும், எத்தனை விழுக்காடு தீர்ந்தது என்று அதிலிருந்து நம்பிச் சொல்ல முடியாது. அதைவிட, முழு சார்ஜில் மாட்டிய செல்லை முப்பதாவது நாள் கழற்றி, ஏற்றிய எம்ஏஎச்சைக் காட்டும் சார்ஜரில் போடுங்கள். லித்தியம் செல்லில் ஏற்றிய கரண்ட் ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைப்பதால் சார்ஜர் காட்டும் எண்ணை நம்பலாம். 19.6-ஐ 30 ஆல் பெருக்கினால் 588. சார்ஜர் 570, 610 என்று காட்டினால் வேலை முடிந்தது.

900 காட்டினால்? கூடுதலாகப் போனது 312 எம்ஏஎச். இது இரண்டு விதமாகப் போயிருக்கலாம். 720 மணி நேரமும் 0.43 மில்லி ஆம்பியர் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கலாம், உதாரணமாக மாஸ்ஃபெட் சரியாக மூடாமல். அல்லது வைஃபை கிடைக்காமல் கருவி இரண்டரை மணி நேரம் கூடுதலாக விழித்திருந்திருக்கலாம். எது என்று பிரித்தறிய, `RTC_DATA_ATTR` என்று குறித்த ஒரு மாறியில் ஒவ்வொரு விழிப்பின் மில்லி நொடிகளையும் கூட்டிக்கொண்டே வந்து, தண்ணீர் மட்டத்தோடு சேர்த்து அதையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாறி ஆழ்ந்த தூக்கத்திலும் அழியாது, மின்சாரத்தைத் துண்டித்தாலோ கருவி ரீசெட் ஆனாலோதான் போகும். நாளுக்கு 144 விழிப்பு, தலா 4 நொடி, முப்பது நாளுக்கு 4.8 மணி நேரம் வர வேண்டும். அந்த எண் ஏழைத் தாண்டியிருந்தால் ரவுட்டரையும் நிரலையும் பாருங்கள். 4.8-லேயே நின்றிருந்தால் நிரலைத் தொடாதீர்கள், மல்டிமீட்டரையும் அந்தக் குறுக்குக் கம்பியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.